"ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க" என்று கேட்பவரிடம் வேண்டாம் என்பது எப்படி

போன தை மாதம் காங்கேயத்துப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போகும்போது சித்தப்பா தோளில் கை வைத்தார். "கண்ணு, நம்ம பையன் ஊத்துக்குளியில யூனிட் போட்டிருக்கான்ல, பன்னெண்டு மிஷினு. உனக்குப் பழக்கமான அந்த எக்ஸ்போர்ட்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிவுடு சாமி. மாசம் பதினைஞ்சாயிரம் பீஸ் தைச்சுக் குடுத்துருவான்" என்றார்.

திருப்பூர் பி.என். ரோட்டில் தையல் நூல், லேபிள், எலாஸ்டிக், பட்டன் விற்கிற கடை எனக்கு. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளும் வாங்குகிறார்கள், நாலு மிஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர்களும் வாங்குகிறார்கள். இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் என்பதால் மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்டுவிடுவார்கள். பாதிப் பேருக்கு மனதாரச் சொல்லிவிடுவேன். மீதிப் பேரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆள் நல்லவர், கேட்பதும் நியாயம், ஆனால் இந்த வேலைக்கு இன்னும் தயாராகவில்லை என்றோ, இந்த இடத்துக்குப் பொருந்த மாட்டார் என்றோ நமக்குத் தோன்றுகிறது. அப்போது என்னென்ன வழி இருக்கிறது, எது யாருக்கு என்ன செலவு வைக்கிறது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. எக்ஸ்போர்ட்காரர் 4,000 காலர் டீ-ஷர்ட் ஒரு வெளி யூனிட்டுக்குத் தைக்கக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேதாரம் சேர்த்து ஒரு பீசுக்கு 300 கிராம் துணி என்றால் மொத்தம் 1,200 கிலோ. சாயம் போட்டு காம்பாக்டிங் முடிந்த துணி கிலோ 400 ரூபாய் என்றாலும் 4,80,000 ரூபாய்த் துணி வெட்டிக் கட்டுக் கட்டாக அந்த யூனிட் ஷெட்டுக்குப் போகிறது. தைக்கிறவருக்குக் கிடைக்கப்போகும் கூலி அதில் ஒரு பங்குதான். துணி கெட்டுப்போனால் கூலியைப் பிடித்து ஈடுகட்ட முடியாது. அதே துணியை அதே நிறத்தில் திரும்ப எடுக்க நூல் வாங்கி, நிட்டிங் போட்டு, சாயப்பட்டறையில் வரிசையில் நிற்க வேண்டும். அதற்குள் ஷிப்மென்ட் தேதி தாண்டிவிடும். அப்புறம் கப்பலில் போக வேண்டிய சரக்கை ஏற்றுமதியாளர் தன் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். அந்த ஆர்டரின் லாபம் அதோடு போயிற்று.

இத்தனையையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் எதை நம்பிக் கொடுக்கிறார்கள்? எழுத்து ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு டெலிவரி சலானோடு சரி. "யார் சொல்லி வந்தீங்க?" என்ற கேள்விக்கு வருகிற பதில்தான் அங்கே ஜாமீன். அதனால் எங்கள் ஊரில் வெறும் அறிமுகம் என்று ஒன்று கிடையாது. நம் வாயிலிருந்து வந்தால் அது சிபாரிசு. "நம்ம பையன்" என்று ஒரு சொல் சேர்ந்துவிட்டால் பாதி உத்தரவாதம். கீழே வருகிற வழிகளை நான் இந்த அளவுகோலை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

எல்லாரும் முதலில் பிடிக்கிற வழி

"பார்க்கலாம் சித்தப்பா, சொல்றேன்." இதுதான் வாயில் முதலில் வரும். கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில் வேறென்ன சொல்ல முடியும் என்றும் தோன்றும். அந்த நிமிடத்துக்கு அது தவறில்லை. அதையே ஒரு மாதம் இழுப்பதுதான் தவறு.

கேட்டவர் காத்திருக்கிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பன்னிரண்டு மிஷினுக்கு வாடகை, கரண்ட், சனிக்கிழமை சம்பளம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். "அண்ணன் சொல்றேன்னு சொல்லியிருக்கார், பெரிய ஆர்டர் வருது" என்று அவர் வேறு சின்ன வேலைகளைத் தள்ளிவிட்டிருப்பார். இப்படி என் பேச்சை நம்பி உள்நாட்டு பனியன் வேலை ஒன்றை விட்டுவிட்டு ஆறு வாரம் சும்மா இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என்னிடம் கோபப்படவே இல்லை. நூல் வாங்குவதை மட்டும் வேறு கடைக்கு மாற்றிக்கொண்டார். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் வருத்தப்பட்டு, மறுநாள் அந்த பனியன் வேலையை எடுத்திருப்பார்.

அதனால் நானாக ஒரு கெடு வைத்திருக்கிறேன். "பார்க்கலாம்" என்று சொன்னால் மூன்று நாளுக்குள் ஒரு பதில் போய்விட வேண்டும். பார்க்கலாம் என்றால் நிஜமாகவே போய்ப் பார்ப்பது. தம்பி விஷயத்தில் அதைத்தான் செய்தேன், பிறகு சொல்கிறேன்.

நம்பரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது

இரண்டாவது வழி, "இந்தா நம்பர், நீயே பேசிக்க. என் பேரைச் சொல்லாதே." யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை, பொறுப்பும் இல்லை என்று படும். ஆனால் போன் எடுத்தவர் கேட்கிற முதல் கேள்வியே "நம்பர் யார் குடுத்தா?" என்பதுதான். பையன் என்ன செய்வான்? ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லை நம் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னதும் அது சிபாரிசாகிவிடும், அதுவும் ஆளைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாத சிபாரிசு. கேட்காமல் நம்பரைக் கொடுத்ததற்கு எக்ஸ்போர்ட்காரருக்கும் மனத்தாங்கல்.

இதற்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருப்பது அரை மனதோடு அறிமுகம் செய்வது. "அண்ணா, ஒரு பையன் வருவான், நமக்கு வேண்டியவன்தான், பாருங்க, உங்க இஷ்டமுங்க." சில வருடம் முன்பு ஒரு யூனிட்டுக்கு நான் இப்படிச் சொன்னேன். "உங்க இஷ்டம்" என்றதில் என் சந்தேகத்தைச் சொல்லிவிட்டதாக நான் நினைத்தேன். கேட்டவர் காதில் "நமக்கு வேண்டியவன்" மட்டும்தான் விழுந்தது.

சரக்கு தைத்து வந்தது. சரக்கை வாங்குகிற பையரின் இன்ஸ்பெக்ஷனில் லாட்டே விழுந்துவிட்டது. 4,000 பீஸ் லாட்டில் வழக்கமாக 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். ஏ.க்யூ.எல். 2.5 என்ற கணக்கில் பெரிய குறை 10 வரை இருந்தால் பாஸ், 11 ஆனால் ஃபெயில். அன்றைக்கு எண்ணெய்க் கறையும் தையல் விட்டதுமாக அதைத் தாண்டிப் போயிற்று. நாலாயிரத்தையும் பாலித்தீன் கவரிலிருந்து பிரித்து மறுபடி செக்கிங் செய்தார்கள். இரண்டு ராத்திரி வேலை. அந்த முதலாளி என்னிடம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் யாரைச் சொன்னாலும் "சரிங்க, பார்க்கலாமுங்க" என்கிறார். நிஜமாகவே நன்றாகத் தைக்கிற ஒரு பெண்மணியை அடுத்த வருடம் சொன்னபோதும் அதே பதில்தான். என் அரைமனச் சொல்லுக்கு அந்த அம்மாவும் சேர்ந்து விலை கொடுத்தார். எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

எதிர்ப்பக்கத்தை முதலில் கேட்பது

விவரம் தெரிந்தவர்கள் பலரும் சொல்கிற வழி இது. கேட்டவரிடம் ஒன்றும் வாக்குக் கொடுக்காமல், "அண்ணா, இப்படி ஒருத்தர் கேட்கிறார், பேச நேரம் இருக்குங்களா?" என்று எக்ஸ்போர்ட்காரரிடம் முதலில் கேட்டுவிடுவது. அவர் சரி என்றால் மட்டும் இருவரையும் சேர்த்துவைப்பது. மற்ற நேரத்தில் இது மிக நல்ல வழக்கம். நம்பரைக் கேட்காமல் கொடுக்கும் தப்பு இதில் இல்லை.

ஆனால் நமக்கே சந்தேகம் இருக்கும்போது இதை எடுக்கலாமா என்பதில்தான் நான் மற்றவர்களோடு வேறுபடுகிறேன். சந்தேகம் இரண்டு மாதிரி. "இவர் கேட்கிற வேலை அவரிடம் இப்போது இருக்கிறதா, தெரியவில்லை" என்பது ஒன்று. அது எதிர்ப்பக்கத்தைப் பற்றி நமக்குத் தெரியாதது, அவரைக் கேட்டால்தான் தெரியும். அதற்கு இந்த வழி சரி. "இவர் வேலையை நான் பார்த்தேன், திருப்தி இல்லை" என்பது இன்னொன்று. இதை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனால் இரண்டே முடிவுதான். சந்தேகத்தைச் சொல்லாமல் கேட்டால், இத்தனை வருடப் பழக்கத்துக்காக அவர் சரி என்றுவிடுவார், அரைமன சிபாரிசிலேயே வந்து நிற்போம். சந்தேகத்தைச் சொல்லிக் கேட்டால், ஆளைப் பார்க்கும் முன்பே அந்தப் பையன் பெயரில் ஒரு கறை விழுந்துவிடும். திருப்பூரில் "அந்த யூனிட் கொஞ்சம் அப்படித்தானாமுங்க" என்ற பேச்சு ஒரு டீக்கடையிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு நாள் ஆகாது. ஆறு மாதத்தில் அவன் தேறிவிடுவான், அந்தப் பேச்சு தேறாது.

நான் கண்ணால் பார்த்த குறையை வைத்து முடிவெடுக்கிற பாரத்தை இன்னொருவர் தலையில் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அங்கே வேண்டாம் என்று சொல்ல வேண்டியது நான்தான்.

காரணத்தோடு வேண்டாம் என்பது

இந்த வழியைத்தான் நான் பெரும்பாலும் எடுக்கிறேன். இதற்கு முதல் தேவை, காரணம் கையில் இருப்பது. "எனக்கு என்னமோ சரியாப் படலை" என்று ஒருவரிடம் சொல்வது கொடுமை. அதனால்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறேன். தம்பி யூனிட்டுக்கு ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். வேண்டுமென்றேதான் திங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஊருக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும். பன்னிரண்டு மிஷினில் ஒன்பது ஓடியது. மூன்று மிஷின்மேல் துணி மூடிக் கிடந்தது.

சித்தப்பா சொன்ன பதினைந்தாயிரம் கணக்கை அவனோடு உட்கார்ந்து போட்டேன். அவன் பொய் சொல்லவில்லை. இதுவரை தைத்தது எல்லாம் ரவுண்ட் நெக் டீ-ஷர்ட். ஒரு பீசுக்குச் சுமார் 6 நிமிட வேலை. பன்னிரண்டு டெய்லர் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 5,760 நிமிடம். அதில் நூற்றுக்கு அறுபது உருப்படியாக வந்தால் நாளைக்கு 576 பீஸ், 26 நாளைக்குக் கிட்டத்தட்ட பதினைந்தாயிரம். கணக்கு சரிதான். ஆனால் நான் சொல்ல வேண்டிய அந்த எக்ஸ்போர்ட்காரர் வெளியே கொடுப்பது காலர் டீ-ஷர்ட். காலர் ஏற்றுவது, முன்பட்டி, சைடு ஓப்பன், அப்புறம் காஜா, பட்டன் என்று ஒரு பீசுக்கு 15 நிமிடம் பிடிக்கும். பழக்கமில்லாத ஆட்கள் என்பதால் முதல் மாதம் பாதித் திறன்தான் வரும். பன்னிரண்டு பேரும் வந்தாலே நாளைக்கு 192. ஒன்பது பேர் என்றால் 144. நாலாயிரம் பீசை மூன்று வாரத்தில் கேட்பார்கள், அதாவது 18 வேலை நாள். எல்லாரும் வந்தாலும் 3,456 தான் வருகிறது. ஒரு மிஷின்கூட நிற்காமல், ஒரு பீஸ்கூட ஆல்டரேஷனுக்குத் திரும்பாமல் இருந்தால்.

அவனே தைத்து வைத்திருந்த மூன்று காலர் சாம்பிளை மேசையில் விரித்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பட்டி முடிகிற இடத்தில் இருக்கும் சின்னக் கட்டத்தை விரலால் இரண்டு பக்கமும் மெல்ல இழுத்துப் பார்த்தேன். இரண்டாவது பீசில் மூலையில் ஒரு ஊசி முனை அளவுக்கு ஓட்டை திறந்தது. பட்டிக்காகத் துணியைக் கத்தரிக்கும்போது வெட்டு தையல் கோட்டைத் தாண்டிப் போனால் இப்படித்தான் ஆகும். தைத்து முடித்த பிறகு அயர்ன் போட்டால் மறைந்துவிடும், ஒரு சலவைக்குப் பிறகு கிழிசலாக வரும். அதை ஆல்டர் செய்யவும் முடியாது, பீஸ் போனது போனதுதான். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அவனுக்கு அது அதுவரை தெரியாது.

ஊசியும் ஒரு டப்பாவில் திறந்து கிடந்தது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்டி, தேதி, மிஷின் நம்பர் எழுதி, பழையதைக் கொடுத்தால்தான் புது ஊசி என்பது ஏற்றுமதி வேலையில் கண்டிப்பு. துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்தத் துணிக்கட்டு முழுவதையுமே தனியாக எடுத்து வைப்பார்கள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் டெய்லர்கள் காதில் விழுகிற தூரத்தில் முதலாளியிடம் சொல்லக்கூடாது. வெளியே வேப்ப மரத்தடிக்குக் கூட்டிவந்து நின்று சொன்னேன். கிட்டத்தட்ட இந்த வார்த்தைகளில்தான்:

"தம்பி, அவர்கிட்ட நான் இப்போ சொல்ல மாட்டேன். நீ நல்லாத் தைக்க மாட்டேன்னு இல்ல. ரவுண்ட் நெக் உன் வேலை சுத்தமா இருக்கு. ஆனா அவர் குடுக்கிறது காலர். அதுல ஒரு லாட்கூட நீ இன்னும் முடிக்கல. நாலரை லட்சத்துக்கு மேல துணிய அவர் என் பேச்ச நம்பிக் குடுப்பார். அதுல ஏதாச்சும் ஆச்சுன்னா அவர் உன்னைத்தான் மறக்க மாட்டார், ஊத்துக்குளியில இன்னொரு வேலை கிடைக்கறது கஷ்டமாயிரும்."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என்ன பண்ணோணுங்கண்ணா?" என்றான்.

இங்கேதான் நிதானம் வேண்டும். நிபந்தனை சொல்லலாம், ஆனால் மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும், காசு செலவழிக்கச் சொல்லுவதாக இருக்கக்கூடாது. நான் சொன்னவை: உள்நாட்டு வேலையில் 300 காலர் பீஸ் எடுத்து முடிக்கட்டும், பட்டி மூலை ஒன்றுகூடத் திறக்காமல். தொடர்ந்து நாலு திங்கட்கிழமை பதினோரு டெய்லராவது வரட்டும். ஊசி நோட்டு இன்றைக்கே ஆரம்பிக்கட்டும். "இதுக்குன்னு புது மிஷின் எதுவும் வாங்காதே, காஜாவ வெளிய குடுத்தே போட்டுக்கலாம்" என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

கடைசியில் நான் கொடுத்த வாக்கையும் கவனித்துச் சொன்னேன். "இதெல்லாம் முடிச்சா அறிமுகம் செஞ்சு வைக்கிறேன்" என்று சொல்லவில்லை. "இதெல்லாம் முடிச்சா கூப்பிடு, நான் மறுபடி வந்து பார்க்கிறேன்" என்றுதான் சொன்னேன். அதற்குள் அந்த எக்ஸ்போர்ட்காரரிடம் ஆர்டர் இல்லாமல் போகலாம், வேறு யூனிட் பிடித்திருக்கலாம். என் கையில் இருப்பது போய்ப் பார்ப்பது மட்டும்தான்.

சித்தப்பாவிடம் என்ன சொல்வது என்பது தனிக் கேள்வி. எங்கள் பக்கம் கேட்பவர் ஒருவர், வேலை தேடுபவர் ஒருவராகத்தான் பெரும்பாலும் இருக்கும். காரணம் முழுவதையும் வேலை தேடுபவரிடம் சொல்ல வேண்டும், கேட்டவரிடம் முடிவை மட்டும். "சித்தப்பா, தம்பிகிட்ட உட்கார்ந்து பேசிட்டேனுங்க. கொஞ்ச நாள் போகட்டும்னு ரெண்டு பேருமே நினைக்கிறோம். என்னன்னு அவனே சொல்வான்." ஊசி முனை ஓட்டையைப் பற்றி அப்பாவுக்கு அவன் சொன்னால் சொல்லட்டும், என் வாயிலிருந்து போகக்கூடாது. அப்பா முன்னால் குறைந்துபோனதாக ஒரு பையன் நினைத்துவிட்டால் நாம் சொன்ன மற்ற எதுவும் அவன் காதில் ஏறாது.

பொருந்தாது என்றால் "இப்போது வேண்டாம்" என்று சொல்லாதீர்கள்

மேலே சொன்னது தயாராகாதவருக்கு. பொருந்தாதவருக்கு இதே மருந்தைக் கொடுப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு, அன்பான மனிதர்கள் செய்கிற தவறு. "இப்போ வேண்டாம், இன்னும் கொஞ்சம் வளர்ந்துட்டு வாங்க" என்று சொன்னால் மனம் நோகாது என்று நினைக்கிறோம். கேட்டவர் நிஜமாகவே வளரப் பார்ப்பார். கடன் வாங்கி வளருவார். ஆறு மாதம் கழித்து, சொன்னதெல்லாம் செய்துவிட்டு வந்து நிற்பார். அப்போதும் நாம் இல்லை என்றுதான் சொல்லப் போகிறோம், ஏனென்றால் தடை வேறு இடத்தில் இருந்தது.

கோவையிலிருந்து ஒரு பெண் வந்தார். குழந்தைகளுக்கான உடையில் சொந்தமாக ஒரு பிராண்ட் ஆரம்பிக்கிறார். ஐந்து நிறம், நிறத்துக்கு இருபது பீஸ், மொத்தம் நூறு. நான் லேபிள் கொடுக்கிற பெரிய கம்பெனி ஒன்றின் பெயரைச் சொல்லி, அங்கேதான் தைக்க வேண்டும், தரம் நன்றாக இருக்கும், அறிமுகம் செய்யுங்கள் என்றார். அவர் டிசைன் அருமை, பேச்சில் தெளிவு. ஆனால் இருபது குழந்தை உடுப்புக்கு நிறத்துக்கு மூன்று, நாலு கிலோ துணி போதும். அந்தக் கம்பெனி சாயப்பட்டறைக்கு அனுப்புகிற லாட் நூற்றுக்கணக்கான கிலோ. அவர் எத்தனை திறமையோடு வந்தாலும் அந்த இடத்தில் அவருக்கு வேலை நடக்காது. பழக்கத்துக்காக எடுத்துக்கொண்டாலும் பெரிய ஆர்டர்களுக்கு நடுவில் அவர் நூறு பீஸ் ஒரு மூலையில் கிடக்கும்.

அவரிடம் நிபந்தனை எதுவும் சொல்லவில்லை. "அந்தக் கம்பெனிக்கு உங்களைச் சொல்ல மாட்டேனுங்க, இப்போ மட்டுமில்லைங்க, நூறு இருநூறு பீஸ்ல இருக்கிறவரைக்கும். உங்க அளவுக்கு அவங்க மிஷின் பெருசு. அங்க போனா நீங்க மூணு மாசம் காத்திருப்பீங்க" என்றேன். ஏற்கெனவே சாயம் போட்டு இருப்பில் இருக்கிற துணியைக் கிலோ கணக்கில் விற்கிற கடைகள் ஊரில் இருக்கின்றன, நிறம் அவர்கள் வைத்திருப்பதிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும் என்றும், சின்ன எண்ணிக்கையைக் கூலி கொஞ்சம் அதிகம் வாங்கித் தைத்துக்கொடுக்கிற யூனிட் எப்படிப்பட்டது என்றும் விவரம் சொன்னேன். அவர் கண்ணில் ஏமாற்றம் தெரிந்தது. ஆனால் அன்று மத்தியானமே துணிக்கடைக்குப் போனார்.

வேறு கதவைக் காட்டுவதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பெரியவரிடம் சொல்லத் தயங்குகிற ஆளைச் சின்னவர் ஒருவரிடம் தள்ளிவிடுவது நியாயமில்லை. என் தம்பிக்கு 300 காலர் பீஸ் வேண்டும் என்பதற்காக, காதர்பேட்டையில் கடை வைத்திருக்கும் என் பழைய வாடிக்கையாளரிடம் "நல்ல யூனிட்டுங்க" என்று நான் சொல்லவில்லை. "புதுசாக் காலர் பழகுறானுங்க, மொதல்ல அம்பது பீஸ் குடுத்துப் பாருங்க" என்றேன், தம்பியிடம் கேட்டுக்கொண்டு, அவன் சம்மதத்தோடு. பதினைந்து கிலோ துணியைத்தான் அவர் பணயம் வைக்கிறார், அதுவும் தெரிந்து வைக்கிறார். சந்தேகத்தின் அளவுக்குப் பணயமும் இருந்தால் அந்த அறிமுகத்தைத் தயங்காமல் செய்யலாம். முழுக்க வேண்டாம் என்பதற்கும் முழுக்கச் சரி என்பதற்கும் நடுவில் எனக்குத் தெரிந்து நேர்மையான வழி இது ஒன்றுதான்.

எதில் சொல்வது என்று பலரும் கேட்கிறார்கள். நேரில், இல்லை போனில். வாட்ஸப்பில் எழுதிப்போட்டால் அது குடும்பக் குரூப் வரைக்கும் போகும், தொனியும் போய்ச் சேராது. முன்பின் பழக்கமில்லாதவர் வாட்ஸப்பிலேயே கேட்டிருந்தால் அங்கேயே இரண்டு வரியில் பதில் சொன்னால் போதும்: "அவரிடம் உங்களைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு உங்கள் வேலையை நான் பார்த்ததில்லைங்க. அதனால் சொல்ல இயலாது, மன்னிக்கவும்." அது முழு உண்மை, வேறு காரணம் தேட வேண்டியதில்லை. "அவர் ஊரில் இல்லை", "இப்போ ஆர்டர் இல்லையாம்" என்று எதிர்ப்பக்கத்தைச் சாக்காகச் சொல்வதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். திருப்பூர் சின்ன ஊர். அடுத்த வாரம் அவரை அவிநாசி ரோட்டில் பார்த்துவிடுவார்கள்.

நாம் வேண்டாம் என்ற பிறகு அவர்களாகவே போய்ப் பேசுவதும் நடக்கும். அது அவர்கள் உரிமை, வருத்தப்பட ஒன்றுமில்லை. தம்பியும் போனான். என் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் ஊரும் குலமும் கேட்டால் உறவு தெரிந்துவிடுமே. மறுநாள் எக்ஸ்போர்ட்காரர் போன் செய்தார். "ஏனுங்க, ஊத்துக்குளிப் பையன் ஒருத்தர் வந்தார், உங்க சொந்தமாமுங்க. நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லக்கூடாது, பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்று முன்பே முடிவு செய்து வைத்திருந்தேன். நல்லதையும் குறைவையும், தம்பியிடம் சொன்னதற்கு மேல் ஒரு சொல் கூடாமல்.

"ஆமாங்கண்ணா, சித்தப்பா பையன். போன மாசம் யூனிட்டுக்குப் போயிருந்தேனுங்க. ரவுண்ட் நெக் சுத்தமாத் தைக்கிறான். காலர்ல லாட் முடிச்சு நான் இன்னும் பார்க்கலீங்க. பார்த்தா நானே கூப்பிட்டுச் சொல்றேனுங்க."

"சரிங்க" என்றார். அன்று சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டு, அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் வரி மாறாமல் அவனிடம் சொன்னேன். காதர்பேட்டைக்காரர் கொடுத்த ஐம்பது பீசில் நாற்பத்தெட்டு தேறியிருக்கிறது என்றான். அந்த இரண்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொன்னேன், திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன் என்று.